நீலத்துணியும் அம்புக்குறியும்

ஆஸ்பத்திரியின் துணி அறையில் அவளுக்கு வெள்ளைநூல் என்று பெயர். ஒன்பது வருடமாகப் போர்வை, தலையணை உறை, ஜன்னல் திரை என்று வெள்ளைத் துணிகளை மட்டுமே வெள்ளை நூலால் தைத்து வந்தவள். கிழிந்த போர்வையை அவள் ஒட்டுப்போட்டால் ஒட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித்தான் தேட வேண்டும். நேர்த்தையலில் அவளை அடிக்க ஆளில்லை. ஆனால் உடம்பில் போடுகிற துணியை அவள் தொட்டதில்லை. கழுத்து, கை, தோள் எல்லாம் மாஸ்டரின் வேலை. வெட்டுவதும் அவன்தான்.

மாஸ்டர் அவளைவிடப் பத்து வயது இளையவன். இரண்டு வருடத்துக்கு முன் வெளியிலிருந்து வந்து நேராக அவளுக்கு மேலே உட்கார்ந்துவிட்டான். அதில் அவளுக்குள் ஒரு புகைச்சல் இருந்தது உண்மைதான். ஒரு அறைக்குள் இரண்டு தையல் மெஷின், ஒரு நீள மேசை, நடுவே நாளைக்கு நாலு வார்த்தை. அவ்வளவுதான் பழக்கம்.

போன வெள்ளிக்கிழமை அந்த அறையில் ஒரு விபத்து நடந்தது. ஸ்ட்ரெச்சருக்கான தடித்த பட்டையை மாஸ்டர் தைத்துக்கொண்டிருந்தபோது ஊசி முறிந்து, அதன் நுனி தெறித்து அவன் வலது கண்ணில் பட்டது. நல்லவேளையாக ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடந்தது. அரை மணி நேரத்தில் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவனைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் போன பிறகு, வெள்ளைநூல் அவன் மெஷினுக்கு முன்னால் நின்றாள். அன்று காலையில் அந்த மெஷினுக்கு ஊசி மாற்றியவள் அவள்தான். அவன் கேட்டான், அவள் மாற்றிக் கொடுத்தாள். திருகை இறுக்கினோமா, பாதியில் விட்டோமா? எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. இறுக்கியதாகவும் தோன்றியது, இறுக்காததாகவும் தோன்றியது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. புருஷன் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, பல்வலி" என்றாள். அவரும் கடையிலிருந்து கிராம்பு வாங்கி வந்து வைத்தார்.

திங்கட்கிழமை காலையில் மேற்பார்வை மேடம் ஒரு காகித உறையோடு வந்தாள். அவள் வேகமாகப் பேசுகிற பெண். எதிரே இருப்பவர் பதில் சொல்வார் என்று காத்திருக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"புது வார்டு அடுத்த திங்கக்கிழமை திறக்கறாங்க. பன்னெண்டு ஆயாவுக்கு பிளவுஸ் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள. பேட்டர்ன் இதுல இருக்கு. சாதாரண பிளவுஸ்தான், பட்டன்கூட கிடையாது, தலை வழியா மாட்டறது. துணி புதன்கிழமை வரும். மாஸ்டர் இல்ல, தெரியும். நீங்க வெட்டிருவீங்கல்ல?"

வெள்ளைநூல் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததும் வந்தது.

"ஏன் கேக்கறேன்னா, எல்லாத்தையும் வெளிய கொடுத்து வாங்கிடலாம், இந்த ரூமே எதுக்குன்னு மேல பேச்சு ஓடுது. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

"முடியும் மேடம்" என்றாள் வெள்ளைநூல். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

உறைக்குள் இருந்த மெல்லிய காகிதத்தைப் பிரித்தாள். அது விரிந்துகொண்டே போய் மேசையை முழுவதும் மூடியது. அதில் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துக்குள் வைத்துத் தைக்கிற இரண்டு சிறு பட்டிகள் என ஐந்து உருவங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கோடுகள், அம்புகள், கடுகளவு முக்கோணங்கள். கூடவே ஒரு தாளில் சின்னச் சின்னப் படங்கள். எழுத்தெல்லாம் அவளுக்குத் தெரியாத மொழியில் இருந்தது. ஒரு எழுத்துகூடப் பிடி கொடுக்கவில்லை. பாதி பிளவுஸ்தான் வரைந்திருக்கிறார்கள், மீதிப் பாதியைத் தொலைத்துவிட்டார்களோ என்றுகூட நினைத்து உறையை உதறிப் பார்த்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குப் புத்தி வேலை செய்தது. நல்ல துணியில் கை வைக்கும் முன் பழைய துணியில் பார்ப்பது என்று முடிவு செய்தாள். கழித்துப்போட்ட போர்வைகளுக்கு அந்த அறையில் பஞ்சமே இல்லை. ஒன்றை இரண்டாக மடித்து மேசையில் போட்டு, காகிதத் துண்டுகளை மேலே வைத்து, குண்டூசி குத்தி, ஓரம் முழுக்கச் சுற்றி வெட்டினாள். முன்பக்கம் இரண்டு பாதி வந்தது. பின்பக்கமும் இரண்டு பாதி. 'இரண்டையும் நடுவில் சேர்த்துத் தைக்கணும்போல' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தைத்தாள். போர்வையில் ஒரு கிழிசல் குறுக்கே இருந்ததால் கைக் காகிதத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்து வெட்டினாள். முக்கோணங்களை அழகுக்குப் போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

மதியம் மூன்று மணிக்குப் போர்வை பிளவுஸ் தயாரானது. கதவைத் தாழிட்டுவிட்டு அவளே மாட்டிப் பார்த்தாள். கழுத்து இறங்கியது. தோளில் வந்ததும் நின்றது. இழுத்தாள். ஒரு வழியாக மார்பு வரை வந்தது, அதற்குக் கீழே இறங்க மறுத்தது. கையைத் தூக்கினால் பிளவுஸ் முழுவதும் கூடவே தூக்கிக்கொண்டது. கைத்துணி பிழிந்த ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. கழற்றலாம் என்றால் கழன்றும் வரவில்லை. முகம் துணிக்குள், கை இரண்டும் மேலே. அந்த நேரத்தில்தான் கதவு தட்டப்பட்டது.

"அண்ணி! நான்தான். எதுக்குத் தாப்பா போட்டிருக்கீங்க?"

நாத்தனார். புருஷனின் தங்கை. அதே ஆஸ்பத்திரியில் ஆயா. ஒன்பது வருடத்துக்கு முன் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான், அதை ஒன்பது வருடமாகச் சொல்லிக் காட்டுபவளும் அவள்தான். வெள்ளைநூல் முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்தாள். நாத்தனார் வாசலிலேயே நின்று பார்த்தாள். அப்புறம் சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த வாளி ஆடியது.

"எனக்குப் போடப்போற பிளவுஸ் இதுதானா? நோயாளிக்கு முன்னாடி என்னைத்தான் படுக்க வைக்கணும்."

"சிரிக்காம இழு. மூச்சு முட்டுது."

இழுத்துக் கழற்றியபோது நடுத்தையல் பட்டென்று பிரிந்தது. வெள்ளைநூல் முக்காலியில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்ததும் நாத்தனார் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"மாஸ்டரைப் போய்க் கேளுங்களேன் அண்ணி. மேல கண் வார்டுலதான இருக்காரு. நாலு மணிக்குப் பார்க்க விடறாங்க."

"ரெண்டு கண்ணையும் கட்டி வச்சிருக்காங்களாம். படத்தை எப்படிக் காட்டறது?"

"காட்ட வேண்டாம், சொல்லுங்க. வாய் இருக்குல்ல?"

அவள் ஏன் தயங்குகிறாள் என்பது நாத்தனாருக்குத் தெரியாது. அவன் கட்டிய கண்ணோடு, 'ஊசியை யார் போட்டது?' என்று கேட்டுவிட்டால்? அன்று அவள் போகவில்லை. வீட்டுக்கே போய்விட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை முழுக்கக் காகிதத்தை உற்று உற்றுப் பார்த்ததில் அம்புகள் கண்ணுக்குள்ளேயே நின்றன. கண்ணை மூடினாலும் தெரிந்தன. நாலு மணிக்கு வேறு வழியில்லாமல் காகிதத் துண்டுகளைச் சுருட்டிக்கொண்டு மாடி ஏறினாள்.

மாஸ்டர் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தான். நல்ல கண் அசைந்தால் அடிபட்ட கண்ணும் கூடவே அசையும் என்று இரண்டையுமே மூடிக் கட்டியிருந்தார்கள். முகத்தில் நாலு நாள் தாடி.

"யாரு?"

"நான்தான் மாஸ்டர்."

"அக்காவா?" அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நீங்க வருவீங்கன்னு நினைக்கல."

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்றது. பிளவுஸைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும் என்று படியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். வாயிலிருந்து வந்தது வேறு.

"அன்னிக்கு அந்த ஊசியைப் போட்டது நான்தான். திருகை இறுக்கினேனா இல்லையான்னு ஞாபகமே இல்ல மாஸ்டர். நாலு நாளா தூக்கம் இல்ல."

அவன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"நீங்க இறுக்கலன்னா ஊசி முழுசா நழுவிக் கீழ விழுந்திருக்கும் அக்கா. இது நடுவுல முறிஞ்சது. பட்டை நகரலன்னு நான் பின்னாலருந்து பிடிச்சு இழுத்தேன். ஊசி வளைஞ்சு அடித்தகடு மேல குத்திருச்சு. கண்ணாடி போட்டுக்கன்னு நீங்க எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க? நான்தான் கேக்கல." அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு, "அது இருக்கட்டும், கையில என்ன காகிதம்? சத்தம் கேக்குது" என்றான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். போர்வை பிளவுஸில் மாட்டிக்கொண்டதையும் சொன்னாள். அவன் சிரிக்கப் பார்த்து, கண் வலித்து, அடக்கிக்கொண்டான்.

"முன்பக்கத்துக் காகிதத்தை எடுங்க. ஒரு ஓரம் நேரா இருக்கும், வளைவே இல்லாம. அங்க என்ன போட்டிருக்கு?"

"ஒரு கோடு, ஓரத்துக்குப் பக்கத்துலயே போகுது. ரெண்டு முனையிலயும் மடங்கி ஓரத்தைப் பார்த்து அம்பு. ப-வை சாய்ச்சுப் படுக்க வச்ச மாதிரி இருக்கு."

"அதான் மடிப்புக்குறி. அந்த ஓரத்தைத் துணியோட மடிப்பு மேல வைக்கணும். அங்க வெட்டவே கூடாது. விரிச்சா முழு முன்பக்கம் ஒரே துண்டா வரும். நீங்க வெட்டிட்டு, திரும்பச் சேர்த்துத் தைச்சீங்க. தையலுக்குன்னு ஒவ்வொரு பாதியிலயும் ஒன்றரை சென்டிமீட்டர் போயிருக்கும். முன்னால மூணு, பின்னால மூணு."

"ஆறு சென்டிமீட்டர்!" அவளுக்கு மூச்சு முட்டியதன் காரணம் இப்போதுதான் விளங்கியது.

"கையில அந்த ப இருக்காது. நடுவுல நேரா ஒரு அம்பு இருக்கும்."

"இருக்கு. ரெண்டு பக்கமும் முனை."

"அது நூலோட்டம். துணியோட கரை, நெசவு முடியற ஓரம் இருக்குல்ல, அந்தக் கரைக்குச் சரிசமமா அந்த அம்பு ஓடணும். கண்ணால பார்த்து நம்பாதீங்க. அம்போட மேல் முனையிலருந்து கரை வரைக்கும் டேப் வைங்க, கீழ் முனையிலருந்தும் வைங்க. ரெண்டும் ஒரே அளவு வரணும். சாய்ச்சு வெட்டினா கை முறுக்கிக்கும்."

அவள் கிழிசலுக்காகச் சாய்த்து வைத்ததை அவனிடம் சொல்லவில்லை. காது மட்டும் சூடானது.

"அந்த முக்கோணம்?"

"அதுதான் முக்கியம். கத்திரி இருக்கா? முக்கோணம் இருக்கற இடத்துலல்லாம் காகித ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு போடுங்க. அரை சென்டிமீட்டருக்கு மேல போகாதீங்க. போட்டுட்டு என் கையில கொடுங்க."

வார்டு நர்ஸிடம் கட்டுப் பிரிக்கிற கத்திரியைக் கேட்டு வாங்கி, வெட்டுப் போட்டுக் கொடுத்தாள். அவன் கைக் காகிதத்தின் மேல் வளைவை விரல் நுனியால் மெல்லத் தடவிக்கொண்டே போனான்.

"இங்க ஒண்ணு... இது உச்சி, தோள்தையல் மேல வந்து உட்காரணும்... இந்தப் பக்கம் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு. அப்ப இதான் பின்னால. முன்பக்கத்துக் கைக்குழியில ஒண்ணுதான் இருக்கும், பின்பக்கத்துல ரெண்டு இருக்கும், பாருங்க."

இருந்தது. ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு. போர்வையில் அவள் கைகளை முன்பின்னாக மாற்றி வைத்திருந்தாள். அதனால்தான் கையைத் தூக்கினால் பிளவுஸே கூட வந்தது.

மணி அடித்தது. பார்வையாளர்கள் கிளம்ப வேண்டும். அவள் காகிதங்களைச் சுருட்டும்போது மாஸ்டர், "அக்கா, கைக்குத் துணியை மடிச்சே வெட்டுங்க, நல்லபக்கம் உள்ள இருக்கட்டும். அப்பத்தான் ஒண்ணு இடது, ஒண்ணு வலதுன்னு வரும்" என்றான். "துணி வந்ததும் என்ன ஆச்சுன்னு வந்து சொல்லுங்க. இங்க எனக்குப் பொழுதே போகல."

அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள். புருஷன் கிராம்பைப் பற்றிக் கேட்டபோது, "பல்வலி போயிருச்சு" என்றாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நீலத்துணி வந்தது. ஒரே சுருள், பன்னிரண்டரை மீட்டர். மொடமொடவென்று புதுவாசனையோடு இருந்தது. அகலத்தை அளந்தாள். நூற்றுப்பத்து சென்டிமீட்டர். ஒரு கரையை இன்னொரு கரையோடு சேர்த்து மடித்தாள். மடிப்பு ஓரமாக முன்பக்கத்தை வைத்தாள். ப-க்குறி மடிப்பின் மேல் அழகாக உட்கார்ந்தது. அதற்குக் கீழே, அதே மடிப்பில், பின்பக்கம். அதற்கும் கீழே கை. டேப்பை வைத்து அளந்தாள்.

ஒரு மீட்டர் அறுபது.

டேப்பை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதேதான். முன்பக்கம் அறுபத்தைந்து, பின்பக்கம் அறுபத்தைந்து, கை இருபத்தைந்து, இடைவெளி கொஞ்சம். பன்னிரண்டரை மீட்டரில் எத்தனை பிளவுஸ் வரும் என்று காகித ஓரத்தில் கணக்குப் போட்டாள். ஏழு.

பின்பக்கத்தை முன்பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இடம் இருந்தது, ஆனால் அங்கே மடிப்பு இல்லை, கரைதான் இருந்தது. குறுக்காகத் திருப்பி வைத்துப் பார்த்தாள். அப்படி வைத்தால் கொஞ்சம் மிச்சமானது, ஆனால் அம்பு கரைக்குக் குறுக்கே போனது. 'யாருக்குத் தெரியப்போகிறது?' என்று ஒரு கணம் மனசு கேட்டது. முறுக்கிக்கொண்டு நின்ற போர்வைக்கை உடனே கண் முன்னால் வந்தது. காகிதத்தை எடுத்துவிட்டாள்.

மேடமிடம் போய் நின்றாள். "துணி பத்தாது மேடம்."

மேடம் எழுதுவதை நிறுத்தவில்லை. "ஒரு பிளவுஸுக்கு ஒரு மீட்டர்னு உறை மேலயே போட்டிருக்கு. அதைப் பார்த்துத்தான் வாங்கினது. அவங்க தப்பா போட்டிருப்பாங்களா, நீங்க தப்பா வைக்கறீங்களா?"

வெள்ளைநூல் கையிலிருந்த டேப்பைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"மதியம் ரெண்டு மணி வரைக்கும் பாருங்க. முடியலன்னா சுருளை வெளிய அனுப்பிடறேன். கோபமெல்லாம் இல்ல. திங்கக்கிழமை பன்னெண்டு பேர் நிக்கணும், அவ்வளவுதான்."

கண் வார்டுக்கு நாலு மணிக்குத்தான் விடுவார்கள். அவள் வாசல்வரை போய்ப் பார்த்தாள். காவலாளி தலையை ஆட்டினான். திரும்பி வந்து, மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, இதுவரை சரியாகப் பார்க்காத அந்தப் படத்தாளை எடுத்தாள்.

அதில் துணியை நீளக்கட்டமாக வரைந்து, மேலே துண்டுகளைக் குட்டிக் குட்டியாக வைத்துக் காட்டியிருந்தார்கள். இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று இந்த ஓரத்தில், ஒன்று அந்த ஓரத்தில். நடுவில் மேலிருந்து கீழாக இரட்டைக் கோடு. அந்தக் கோட்டைத் துணியை இரண்டாக வெட்டச் சொல்கிறார்கள் என்றுதான் திங்கட்கிழமை முதல் அவள் நினைத்திருந்தாள். வெட்டிவிட்டால் மடிப்புக்கு எங்கே போவது?

இரண்டாவது கட்டத்தில் கையும் கழுத்துப்பட்டிகளும். இது அவளுக்குப் புரிந்தது. இடது ஓரத்தில் மடிப்பு, அங்கே கழுத்துப்பட்டிகள். வலது ஓரத்தில் இரட்டைக் கோடு, அதாவது சேர்த்துவைத்த இரண்டு கரைகள். காலையில் அவள் மடித்த மாதிரியேதான். இடது ஓரத்தில் ஏதோ ஒரு வார்த்தை எழுதியிருந்தது, குட்டையாக, நாலே எழுத்து. வலது ஓரத்தில் வேறொரு வார்த்தை, நீளமாக, முதல் எழுத்து பாம்பு நெளிந்த மாதிரி.

படிக்கத் தெரியாது. ஆனால் பார்க்கத் தெரியும். குட்டை வார்த்தை மடிப்பு. பாம்பு வார்த்தை கரை.

மெல்ல முதல் கட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனாள். பயமாக இருந்தது, தப்பாகப் போய்விடுமோ என்று. இடது ஓரத்தில் குட்டை வார்த்தை. மடிப்பு. வலது ஓரத்தில், இன்னொரு தரம் பார்த்தாள், அங்கேயும் குட்டை வார்த்தை. அங்கேயும் மடிப்பு. நடுவில் இருந்த இரட்டைக் கோட்டின் மேல் பாம்பு வார்த்தை, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

கரை நடுவில் இருக்கிறது.

எழுந்தாள். முக்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, அதை எடுத்து நிறுத்தவில்லை. துணியை ஒற்றையாக விரித்தாள். இடது கரையைத் தூக்கி நடுவுக்குக் கொண்டுவந்தாள். வலது கரையையும் நடுவுக்குக் கொண்டுவந்தாள். இரண்டும் கதவின் இரண்டு பலகை மாதிரி நடுவில் வந்து சந்தித்தன. இப்போது இந்த ஓரமும் மடிப்பு, அந்த ஓரமும் மடிப்பு. ஒவ்வொரு பலகையும் இருபத்தேழரை சென்டிமீட்டர். முன்பக்கக் காகிதத்தின் அகலத்தை அளந்தாள். இருபத்தேழு. வைத்தாள். அரை சென்டிமீட்டர் மிச்சம். பின்பக்கத்தை எதிர் மடிப்பில் வைத்தாள். அதுவும் அளவாக உட்கார்ந்தது. அறுபத்தைந்து சென்டிமீட்டர் நீளத்துக்குள் இரண்டும் முடிந்தன. அதற்குக் கீழே துணியைக் கரையோடு கரை சேர்த்து மடித்தால் கைக்கும் பட்டிக்கும் இன்னும் ஒரு இருபத்தைந்து. மொத்தம் ஒரு மீட்டருக்குள்.

சந்தோஷப்படத் தோன்றவில்லை. இனிமேல் வெட்ட வேண்டுமே! இது போர்வை இல்லை.

கையின் அம்பை இரண்டு முனையிலும் அளந்தாள். மேலே பதினைந்து, கீழே பதினைந்தே கால். கால் சென்டிமீட்டருக்காகக் குண்டூசியெல்லாம் பிடுங்கி மறுபடி குத்தினாள். மூன்று தரம் அளந்தாள். மடிப்போரத்தில் வெட்டிவிடக்கூடாது என்று அங்கே நீளத்துக்கும் சாக்பீஸால் தடியாக ஒரு கோடு போட்டுவைத்தாள். கத்திரியை எடுத்தாள், கீழே வைத்தாள், குடிக்கத் தண்ணீர் தேடினாள், மறுபடி எடுத்தாள். முதல் வெட்டு விழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டாளாம். அப்புறம் நாத்தனாரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வெட்டிய முன்பக்கத்தைத் தூக்கி விரித்தாள். ஒரே துண்டு. முழு முன்பக்கம். திங்கட்கிழமை உறையை உதறித் தேடிய அந்த மீதிப் பாதி இதுதான். அவள் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

ஒன்றரை மணிக்கு மேடமிடம் போய், "துணி பத்தும்" என்றாள். மேடம் தலையை நிமிர்த்தி, "சரி" என்றாள். அவ்வளவுதான். காலையிலிருந்து இங்கே ஒரு உயிர் ஊசலாடியது அவளுக்கு எங்கே தெரியும்?

அந்த ஒரு பிளவுஸைத் தைத்துப் பார்க்காமல் அடுத்ததை வெட்ட வெள்ளைநூலுக்குத் துணிவில்லை. கை வைக்கிற இடத்தில் வெட்டுக்கு வெட்டு பொருத்தி, குண்டூசி குத்தி, வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு தைத்தாள். மறுநாள் காலை டூட்டிக்கு வந்த நாத்தனாரைப் பிடித்து மாட்டிவிட்டாள். நாத்தனார் கையைத் தூக்கினாள். குனிந்து வாளியை எடுத்தாள். யாரையோ கட்டிலிலிருந்து தூக்குகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். பிளவுஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. வெள்ளைநூல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி, சொல்லேன்."

"கழுத்து கொஞ்சம் குளிருது" என்றாள் நாத்தனார். பிறகு அண்ணியின் முகம் போன போக்கைப் பார்த்து, "ஐயோ, நல்லா இருக்கு அண்ணி. கடையில வாங்கினது மாதிரி இருக்கு. உங்க அண்ணனுக்கும் எனக்கும் இல்லாத அறிவு உங்களுக்கு எங்கருந்து வந்துச்சு?" என்றாள். அவசரத்தில் எங்க அண்ணன் என்பதற்குப் பதில் உங்க அண்ணன் என்று சொல்லிவிட்டாள். இருவருமே அதைக் கவனித்து, சிரித்தார்கள். ஆறு நாளில் வெள்ளைநூல் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

மற்ற பதினொன்றும் அவ்வளவு சுலபமாக நடந்தன என்று சொல்ல முடியாது. ஏழாவது பிளவுஸில் பின்பக்கத்து இரண்டு வெட்டில் ஒன்று ஆழமாகப் போய்விட்டது. தையல் வரும் இடத்தைத் தாண்டி உள்ளே. ஆனால் இது ஒட்டுப்போடுகிற வேலை, அவள் வேலை. துண்டு விழுந்ததிலிருந்து விரல்நகமளவு நீலத்துணி எடுத்து உள்பக்கம் வைத்து, துணியிலிருந்தே உருவிய நூலால் இழை இழையாகச் சேர்த்தாள். முடித்த பிறகு எது ஏழாவது என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை நாலு மணிக்கு, சொன்னபடி கண் வார்டுக்குப் போனாள். ஒரு கண்ணின் கட்டை மட்டும் அன்றுதான் பிரித்திருந்தார்கள். மாஸ்டர் நல்ல கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தான். அவள் மடித்துக் கொண்டுபோயிருந்த பிளவுஸை அவன் விரித்துப் பார்க்கவில்லை. முதலில் விரலால் கைத்தையலைத் தடவினான். "உச்சி தோள்ல உட்கார்ந்திருக்கு" என்றான். கரை இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்த கதையை அவள் சொன்னபோது, "அது எனக்கே ஞாபகம் வரல அக்கா. நான் சொல்லியிருக்கணும்" என்றான்.

வெள்ளிக்கிழமை மாலை பன்னிரண்டும் இஸ்திரி போட்டு அடுக்கப்பட்டன. திங்கட்கிழமை புது வார்டு திறந்தது. திறப்பு விழாவுக்கு வெள்ளைநூலை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே திரைகளைச் சரிபார்க்கிற சாக்கில் நடைவழியின் ஓரமாகப் போய் நின்றாள். பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். அவள் கண் பேச்சில் இல்லை, மாலை மரியாதையில் இல்லை. ஒவ்வொரு தோளாக, ஒவ்வொரு கையாகப் போய்க்கொண்டிருந்தது. எது முறுக்கும், எது பிரியும் என்று. ஒன்றும் முறுக்கவில்லை. கடைசியில் இருந்த ஆயா கைதட்டுவதற்காக இரண்டு கையையும் தூக்கியபோதுதான் வெள்ளைநூலுக்கு மூச்சு வந்தது.

மூன்று வாரம் கழித்து மாஸ்டர் வேலைக்குத் திரும்பினான். வலது கண்ணில் பார்வை வந்திருந்தது, ஆனால் வெளிச்சம் அதிகமானால் கூசும் என்றான். அதே வாரம் மேடம் இன்னொரு உறையைக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை கால்சட்டை. அதை யார் கையில் கொடுப்பது என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நடுவில் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாஸ்டர் தன் மெஷினில் உட்கார்ந்து பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "நீங்க பிரிங்க அக்கா" என்றான்.

அவள் பிரித்தாள். காகிதம் விரிந்துகொண்டே போனது. இந்தத் தடவையும் ஒரு எழுத்துகூடப் பிடி கொடுக்கவில்லை. டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முதலில் அம்பு எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள்.